சலான் போட்டாச்சு, பணம் கட்டியாச்சா?

மாதம் பிறந்து மூன்றாவது வாரம் முடியும்போது முதலாளி கேட்பார்: “போன மாசத்துக் கட்டு எல்லாம் முடிஞ்சுதா?” கணக்கர் சொல்வார்: “எல்லாம் கட்டியாச்சுங்க.” திருப்பூர் போன்ற ஊரில் பல சிறு கம்பெனிகளில் இந்தப் பேச்சோடு விஷயம் முடிந்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்த ஆண்டு ஆடிட்டர் வந்து உட்கார்ந்து, “எந்தத் தேதியில் கட்டினீர்கள்? ரசீது எங்கே?” என்று கேட்கும்போதுதான் ஃபோல்டரைத் திறப்பார்கள். உள்ளே நூறு பி.டி.எஃப். கிடக்கும். அதில் பாதிக்கு `download (3)` என்று பெயர்.

இதைத் தவிர்க்கத்தான் மாதாந்தரத் தாக்கல் நிலைப் பட்டியல் என்று ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் கெடு தேதி என்ன, சலான் எண் என்ன, எவ்வளவு கட்டியது, எப்போது கட்டியது என்று ஒரே எக்செல் தாளில் இருக்கும். ஃபோல்டரைத் திறந்து, பார்த்து, தட்டச்சு செய்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் தவறு நுழைவது அந்தப் ‘பார்த்து’ என்ற இடத்தில்தான். எந்தக் காகிதத்தில் எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 40 பேர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி. காலம் 2024 அக்டோபர் மாதச் சம்பளம். அதற்கான பணத்தை நவம்பரில் கட்ட வேண்டும். சம்பளத்திலும் பில்லிலும் பிடித்த வருமான வரி, அதாவது டி.டி.எஸ்., 7-ஆம் தேதிக்குள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் 15-க்குள். ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் 20-க்குள். கணக்கு எளிதாக இருக்க, 40 பேருக்கும் பி.எஃப். பிடிக்கும் சம்பளம் தலா 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லட்சம்.

முதலில் பி.எஃப். ஃபோல்டரைத் திறக்கிறோம். உள்ளே மூன்று சலான்கள் இருக்கின்றன. ஒன்று நவம்பர் 11-இல் போட்டது, 1,42,500 ரூபாய். இன்னொன்று 13-இல் போட்டது, அதுவும் 1,42,500 ரூபாய். மூன்றாவது 16-இல், 7,500 ரூபாய். ஒவ்வொன்றிலும் 13 இலக்கத்தில் ஒரு டி.ஆர்.ஆர்.என். எண் இருக்கிறது. அவசரக்காரர் மூன்றையும் கூட்டி 2,92,500 என்று எழுதிவிடுவார்.

நடந்தது வேறு. 11-ஆம் தேதி போட்ட சலானில் ஒரு தொழிலாளியின் வேலைக்கு வராத நாட்கள் தப்பாக ஏறிவிட்டன. அதை ரத்து செய்துவிட்டு 13-இல் புதிதாகப் போட்டார்கள். தொகை மாறவில்லை, எண் மட்டும் மாறியது. ரத்தான சலானின் பி.டி.எஃப்.பை யாரும் அழிக்கவில்லை. அந்தச் சலானில் 38 பேர்தான் இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இருவர் விட்டுப்போனது 15-ஆம் தேதி இரவு தெரிந்தது. அவர்களுக்கு மறுநாள் துணைச் சலான் ஒன்று போட்டு 7,500 ரூபாய் கட்டினார்கள்.

ஆக சலான் என்பது கட்டப்போகிறேன் என்பதற்கான தாள்தான். பணம் போனதைச் சொல்வது வேறு தாள். பி.எஃப். தளத்தில் அதற்குப் பணம் செலுத்திய ரசீது என்று தனியாக வரும். அதில் `Challan Status` என்ற இடத்தில் `Payment Confirmed` என்று இருந்தால்தான் அந்த எண் பட்டியலில் ஏற வேண்டும். இந்தச் சோதனையில் 11-ஆம் தேதி சலான் தானாகவே கழன்றுவிடும். அதற்கு ரசீதே இருக்காது.

அந்த ரசீதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பக்கத்தில் மூன்று தேதிகள் இருக்கும். `Challan Generated On` என்பது சலான் போட்ட நாள். `Payment Date` என்பது பணம் கட்டிய நாள். `Payment Confirmation Date` என்பது வங்கியிடமிருந்து உறுதி வந்த நாள். மேலே முதலில் கண்ணில் படுவது சலான் போட்ட நாள் என்பதால் பலர் அதைத்தான் எழுதுகிறார்கள். நம் பட்டியலுக்கு வேண்டியது நடுவில் உள்ளது. பிரதான சலானுக்கு அது நவம்பர் 14, துணைச் சலானுக்கு நவம்பர் 16.

இரண்டு நாள் வித்தியாசத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பங்கை முதலாளி கெடு தேதிக்குள் கட்டாவிட்டால், அந்தத் தொகையைக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்பது 2024-இல் இருந்த விதி. பின்னால் கட்டிவிட்டேன் என்று சொன்னாலும் அப்போது செல்லாது. செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஒரு நாள் தாமதமும் தாமதம்தான். முன்பு இருந்த 5 நாள் சலுகையும் 2016-இலேயே போய்விட்டது.

நம் கம்பெனியில் தொழிலாளர் பங்கு 12 சதவீதம், அதாவது 72,000 ரூபாய். பட்டியலில் பி.எஃப்.புக்கு ஒரே வரி ஒதுக்கி, “1,50,000 ரூபாய், கட்டிய நாள் நவம்பர் 16” என்று எழுதினால் மொத்த 72,000 ரூபாயும் தாமதக் கணக்கில் போய்விடும். 22 சதவீத வரித் திட்டத்தில் உள்ள கம்பெனிக்கு அது கூடுதல் வரிகளோடு சேர்த்துச் சுமார் 18,000 ரூபாய் தண்டம். அதற்குப் பதில் “நவம்பர் 14” என்று எழுதினால் அது பொய். உண்மையில் தாமதமானது இரண்டு பேரின் பங்கு மட்டும்தான்: 3,600 ரூபாய். ஒரு சலானுக்கு ஒரு வரி என்று எழுதினால் மட்டுமே இது சரியாக வெளிப்படும். ஒரு சட்டத்துக்கு ஒரு வரி என்று தாளை அழகாக வைத்திருக்கும் கம்பெனிகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

அந்த ஆண்டுக்கான வரித் தணிக்கை அறிக்கையான 3சிடி படிவத்தில் 20-வது இனத்தில் ஆடிட்டர் நிரப்ப வேண்டியதும் இதே விவரம்தான்: தொழிலாளரிடம் பிடித்த தொகை, கெடு தேதி, கட்டிய தொகை, கட்டிய தேதி. மாதாமாதம் எழுதி வைத்தவருக்கு இது பத்து நிமிட வேலை. எழுதாதவருக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 72,000 என்ற எண் பணம் கட்டிய ரசீதில் இருக்காது. அதில் கணக்கு வாரியாகத்தான் தொகை வரும். 40 பேருக்கும் சேர்த்து முதல் கணக்கில் 94,000 ரூபாய் காட்டும். இதில் தொழிலாளர் பங்கு 72,000-உம் முதலாளி பங்கில் 22,000-உம் கலந்திருக்கின்றன. முதலாளி பங்கில் மீதி 50,000 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. காப்பீட்டுக்கு 3,000, நிர்வாகக் கட்டணம் 3,000. தொழிலாளர் பங்கையும் முதலாளி பங்கையும் பிரித்துக் காட்டுவது சலான்தான். ஆகவே தேதிக்கு ரசீதையும், பிரிவுக்குச் சலானையும் பார்க்க வேண்டும். இரண்டையும் இணைப்பது டி.ஆர்.ஆர்.என். எண். இரண்டு தாளிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும்.

சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. எல்லாருக்கும் சம்பளம் 15,000-க்குள் இருந்தால் பி.எஃப். மொத்தத் தொகை சம்பளத்தில் ஏறத்தாழ கால் பங்கு வரும். 6 லட்சத்துக்கு 1,50,000. பிரதானம் 1,42,500-உம் துணை 7,500-உம் சேர்ந்தால் அது சரியாக வருகிறது. 2,92,500 என்று எழுதியவர் இந்த ஒரு பெருக்கலைப் போட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்.

இ.எஸ்.ஐ. இவ்வளவு படுத்தாது. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம், மொத்தம் 4 சதவீதம். ரசீதில் பணம் போனதா என்ற நிலை தெளிவாக இருக்கும். அதிலும் சலான் உருவாக்கிய நாள் தனியாக இருக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

டி.டி.எஸ். வேறு ரகம். அதன் ரசீதில் எல்லாம் இருக்கும், நமக்கு வேண்டிய ஒன்று மட்டும் இருக்காது. டான் எண் இருக்கும். நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு இருக்கும். எந்த வகைப் பணத்தில் பிடித்தது என்று இருக்கும். எந்த மாதத்தில் பிடித்தது என்று இருக்காது. நவம்பரில் கட்டிய ரசீது அக்டோபருக்கானதா, மறந்துபோன செப்டம்பருக்கானதா என்று ரசீதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கட்டிய தேதியை வைத்து “போன மாசத்துக்காகத்தான் இருக்கும்” என்று ஊகித்து எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. காலாண்டு ரிட்டர்னில்தான் அது வெடிக்கும். மாதத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு மென்பொருளில் உள்ள டி.டி.எஸ். லெட்ஜரோடு தொகையை ஒப்பிட்டே ஆக வேண்டும்.

நம் கம்பெனி லெட்ஜரில் அக்டோபர் மாதம் கான்ட்ராக்ட் பில்களில் பிடித்தது 12,400 ரூபாய் என்று இருக்கிறது. ஃபோல்டரில் உள்ள ரசீதில் 12,772. இந்த இடத்தில் 12,772 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், தாளில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த 372 ரூபாய் எங்கிருந்து வந்தது? ரசீதின் கீழ்ப்பகுதியில் வரி, சர்சார்ஜ், செஸ், வட்டி, அபராதம், கட்டணம் என்று பிரித்திருப்பார்கள். வட்டி என்ற வரியில் 372 இருக்கிறது. கட்டிய தேதி நவம்பர் 8. கெடு 7. ஒரு நாள் தாமதம். பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. அதைப் பிடித்த நாளிலிருந்து எண்ணுவார்கள், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்காகும். அக்டோபர் ஒன்று, நவம்பர் ஒன்று. இரண்டு மாதத்துக்கு 3 சதவீதம். 12,400-க்கு அது 372.

ஆகவே டி.டி.எஸ். வரியில் தொகைக்கு இரண்டு கட்டம் வேண்டும், வரி ஒன்று, வட்டி ஒன்று. வட்டிக் கட்டத்தில் எண் விழுந்தால் கெடு தாண்டியிருக்கிறது என்று பொருள். தேதிக் கட்டம் வேறு சொன்னால் இரண்டில் ஒன்று தப்பு.

டி.டி.எஸ். சலானின் எண்ணும் ஒரே எண் அல்ல. வங்கிக் கிளையின் 7 இலக்க பி.எஸ்.ஆர். கோடு, கட்டிய தேதி, 5 இலக்கச் சலான் வரிசை எண் ஆகிய மூன்றும் காலாண்டு ரிட்டர்னுக்கு வேண்டும். இதில் எக்செல் தன் வேலையைக் காட்டும். `0312345` என்று ஒட்டினால் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு `312345` என்று வைத்துக்கொள்ளும். `00417` வெறும் `417` ஆகிவிடும். இ.எஸ்.ஐ. தரும் 17 இலக்க நிறுவனக் கோட்டை ஒட்டினால் கடைசி இரண்டு இலக்கங்கள் பூஜ்யமாக மாறும். எக்செல் எண்ணாக எடுத்துக்கொள்ளும் எதிலும் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது. பிறகு கட்டத்தை டெக்ஸ்ட்டாக மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று வைத்துவிட வேண்டும். கூட்டிக் கழிக்கப்போகாத எந்த எண்ணையும் எண்ணாக வைக்காதீர்கள்.

தேதி இதைவிடப் பொல்லாதது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் மாதத்தை முதலில் படிக்கும். நம் கம்பெனி டி.டி.எஸ். கட்டிய `08/11/2024` ஆகஸ்ட் 11 ஆகிவிடும். பி.எஃப். கட்டிய `14/11/2024`-இல் 14-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். இப்போது நிலைக் கட்டத்துக்கு வழக்கமாகப் போடும் சூத்திரத்தைப் பாருங்கள். `D2` கெடு தேதி, `G2` கட்டிய தேதி:

```
=IF(G2="","ரசீது இல்லை",IF(G2<=D2,"உரிய தேதியில்","தாமதம்"))
```

ஆகஸ்ட் 11 என்பது நவம்பர் 7-க்கு முன்னால் வருவதால் தாமதமான டி.டி.எஸ். “உரிய தேதியில்” என்று காட்டும். எழுத்தை எண்ணைவிடப் பெரியதாக எக்செல் நினைப்பதால், ஒரு நாள் முன்பே கட்டிய பி.எஃப். “தாமதம்” என்று காட்டும். இரண்டும் தலைகீழ். தாளில் சிவப்பு, பச்சை நிறமெல்லாம் போட்டிருந்தால் இன்னும் நம்பிக்கையாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கத் தேதிப் பத்தியின் வடிவத்தை 08-Nov-2024 என்று மாதப் பெயர் வரும்படி மாற்றினால் போதும். மாதம் தப்பாக ஏறியவை பெயரோடு வெளியே வரும். வடிவம் மாறாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்பவை தேதியே அல்ல.

கெடு தேதியை மட்டும் ஃபோல்டரில் தேடக்கூடாது. அது பெரும்பாலும் எந்த ரசீதிலும் இருக்காது. சம்பள மாதத்தின் முதல் நாள் `B2`-இல் இருந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் `=EOMONTH(B2,0)+15` என்று எழுதினால் அதுவே போட்டுக்கொள்ளும். டி.டி.எஸ்.சுக்கு 15-க்குப் பதில் 7. மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. அதைச் சூத்திரத்திடம் விட்டால் ஏப்ரல் 7 என்று பயமுறுத்தும். கெடு நீட்டிப்பும் கையால்தான் ஏற்ற வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட அதே 2024 அக்டோபர் மாதத்தின் ஜி.எஸ்.டி. 3பி-க்கு மகாராஷ்டிரத்துக்கும் ஜார்க்கண்டுக்கும் சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு ஒரு நாள் நீட்டித்தார்கள். மும்பையில் கிளை உள்ள கம்பெனிக்கு அங்கே 21, தமிழ்நாட்டில் 20. ஒரே பட்டியலில் இரண்டு கெடு.

ஜி.எஸ்.டி.யில் பணம் கட்டியாச்சு என்பதற்கும் வரி கட்டியாச்சு என்பதற்கும் இடையிலேயே ஒரு படி இருக்கிறது. சலான் போட்டவுடன் 14 இலக்க சி.பி.ஐ.என். எண் வரும். அது 15 நாள் செல்லும், அதற்குள் பணம் கட்டாவிட்டால் காலாவதி. பணம் கட்டினால் அது கம்பெனியின் ரொக்க லெட்ஜரில் போய் உட்காரும், அவ்வளவுதான். 3பி ரிட்டர்னைத் தாக்கல் செய்யும்போதுதான் அந்த லெட்ஜரிலிருந்து வரிக்குக் கழிக்கப்படும். நம் கம்பெனிக்கு அந்த மாத வரி 3,10,000. உள்ளீட்டு வரி வரவு 2,62,000. ரொக்கமாகக் கட்ட வேண்டியது 48,000. கணக்கர் முழுசாக 50,000 ரூபாய்க்குச் சலான் போட்டு 19-ஆம் தேதி கட்டிவிட்டார். ஆனால் கையெழுத்துக்கான ஓ.டி.பி. முதலாளியின் போனுக்கு வந்தது, முதலாளி வெளியூர் கல்யாணத்தில். ரிட்டர்ன் ஏறியது 21-இல்.

சலானை மட்டும் பார்த்து எழுதினால் “50,000, நவம்பர் 19, உரிய தேதியில்” என்று பட்டியல் சொல்லும். இந்த மாத வரிக்குப் போனது 48,000. மீதி 2,000 லெட்ஜரில் அடுத்த மாதத்துக்குக் கிடக்கிறது. ரிட்டர்ன் ஒரு நாள் தாமதம், அதற்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஜி.எஸ்.டி. வரியில் சலான் எண்ணோடு ரிட்டர்னின் ஏ.ஆர்.என். எண்ணும், தாக்கல் தேதியும் தனித்தனிக் கட்டங்களாக இருந்தே ஆக வேண்டும். ஏ.ஆர்.என். இல்லாத ஜி.எஸ்.டி. வரி முடியாத வரிதான், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும்.

ஃபோல்டரில் ஒரு ரசீது இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். “கட்டினதா ஞாபகம்” என்று வங்கிக் கணக்கைப் பார்த்து நிரப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பணம் வெளியே போனதை வங்கி சொல்லும். எந்தச் சலானுக்கு, எந்த மாதத்துக்கு என்பதை அது சொல்லாது. மேலே சூத்திரம் “ரசீது இல்லை” என்று காட்டுவதற்குக் காரணம் அதுதான். “கட்டவில்லை” என்று எழுதுவதும் ஊகமே.

இதெல்லாம் கணக்கர் பாடு, நமக்கென்ன என்று நினைக்கும் வாசகருக்கு ஒரு சொல். பி.எஃப். வரியில் இருப்பது உங்கள் சம்பளம். நிறுவனம் கட்டிய பி.எஃப். விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பி.எஃப். அமைப்பின் தளத்தில் நிறுவனத்தைத் தேடும் பகுதி இருக்கிறது. அங்கே உங்கள் கம்பெனி பெயரைப் போட்டு, பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால் டி.ஆர்.ஆர்.என். எண், பணம் வரவான தேதி, தொகை, சம்பள மாதம், எத்தனை பேருக்குக் கட்டியது எல்லாம் வரிசையாக வரும். 40 பேர் வேலை பார்க்கும் இடத்தில் 38 பேருக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால், விட்டுப்போன இருவரில் நீங்கள் ஒருவரா என்று உங்கள் பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.